"காப்பி முடிஞ்சிருச்சு, ஃபார்மெட் பண்ணிடு" – இந்த வசனத்தை ஆலயத்துல தடை பண்ணணும்

நீளமான பதிவு, பொறுமையா படிங்க. படிச்சிட்டு சில பேருக்கு என்மேல கோபம் வரும். வரட்டும். அடுத்த வருஷம் எத்தனையோ ஆலயங்கள்ல கும்பாபிஷேகம் வருது, அதுக்கு முன்னாடி இதை யாராவது சொல்லியாகணும்.

திருவிழா நாள்ல கேமரா தம்பி வேர்க்க விறுவிறுக்க மண்டபத்துக்கு ஓடி வருவான். "அண்ணே, கார்டு ஃபுல்." லேப்டாப் முன்னால இருக்கிறவர் கார்டைப் போடுவார், பச்சைக் கோடு நகரும், நூறு சதவிகிதம் ஆகும். உடனே கார்டை உருவி நீட்டுவார்: "காப்பி முடிஞ்சிருச்சு தம்பி, ஃபார்மெட் பண்ணிட்டு மேல போ." பினாங்கு போனாலும் ஜொகூர் போனாலும் இதே வசனம்தான். பொறுப்போட வேலை செய்யறதா நினைச்சுத்தான் சொல்றாங்க. ஆனா இந்த வசனத்தாலதான் நம்ம ஆலயங்களோட சரித்திரம் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுகிட்டு இருக்கு.

"காப்பி முடிஞ்சிருச்சு"ன்னு கணினி சொன்னா என்ன அர்த்தம்? "நான் அனுப்பிட்டேன்"னு அர்த்தம். போய்ச் சேர்ந்துச்சான்னு அது திரும்பிப் பார்க்கல. விண்டோஸ்ல சாதாரணமா இழுத்துப் போட்டு காப்பி பண்ணினா, எழுதினதை மறுபடி படிச்சு மூலத்தோட ஒப்பிடற வேலையே நடக்காது. நீங்க கேட்டாத்தான் நடக்கும். யாரும் கேட்கறதில்லை.

சிலாங்கூர்ல ஒரு ஆலயம். பேர் வேணாம், அங்கே உள்ளவங்க எல்லாரும் நல்லவங்க. பன்னிரண்டு வருஷம் கழிச்சு கும்பாபிஷேகம். ரெண்டு கேமரா, ரெண்டும் ஒரே மாடல். ஒண்ணு கோபுரத்து மேல சாரத்துல, சிவாச்சாரியார்கள் பக்கத்துலயே. இன்னொண்ணு கீழ, யாகசாலையிலிருந்து கடம் புறப்பாட்டைப் பிடிச்சுகிட்டு கூட்டத்தோட நடக்குது. ரெண்டுலயும் காலையில கார்டைப் புதுசா ஃபார்மெட் பண்ணித்தான் ஆரம்பிச்சாங்க. அது சரியான பழக்கம்தான். ஆனா பல கேமராக்கள் ஃபார்மெட் பண்ணினதும் கிளிப்புக்குப் பேர் வைக்கறதை முதல்லேர்ந்து தொடங்கும். அதனால மேல் கேமராவுல முதல் கிளிப் `C0001.MP4`. கீழ் கேமராவுலயும் முதல் கிளிப் `C0001.MP4`.

மத்தியானம் மேல் கார்டுல 38 கிளிப், 96 ஜிபி. அதை லேப்டாப்ல "கும்பாபிஷேகம்"னு ஒரு ஃபோல்டர் போட்டு காப்பி பண்ணினாங்க. நல்லா வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு கீழ் கார்டு வந்துச்சு, 41 கிளிப், 110 ஜிபி. அதையும் அதே ஃபோல்டருக்குள்ள போட்டாங்க. கணினி நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுச்சு. அந்தப் பெட்டியில முதல் வரி `Replace the files in the destination`. மண்டபத்துல அன்னதான இரைச்சல், பின்னால நாலு பேர் "தம்பி, ஒரு போட்டோ அனுப்பு"ன்னு நிக்கிறாங்க. லேப்டாப்ல இருந்தவர் முதல் வரியை அழுத்தினார். 38 கிளிப்பும் ஒண்ணொண்ணா மேலெழுதப்பட்டுச்சு. பச்சைக் கோடு நூறு சதவிகிதம். சிவப்பா ஒரு எழுத்துகூட வரல. ரெண்டு கார்டும் ஃபார்மெட்.

அந்த ஃபோல்டர்ல 79 கிளிப் இருக்கணும், இருந்தது 41. 206 ஜிபி இருக்கணும், இருந்தது 110. வலது பக்க பட்டனை அழுத்தி `Properties` பார்த்திருந்தா பத்து வினாடியில தெரிஞ்சிருக்கும். யாரும் பார்க்கல. அஞ்சாம் நாள் எடிட் பண்ண உட்கார்ந்தப்பதான் கோபுரத்து மேல எடுத்தது ஒண்ணுகூட இல்லைன்னு தெரிஞ்சுது.

என்னைக் கூப்பிட்டாங்க. அழிஞ்ச கோப்பைத் தேடி எடுக்கிற `PhotoRec` மென்பொருளை ஓடவிட்டேன். கேமராவுல ஃபார்மெட் பண்ணினா பெரும்பாலும் பட்டியல்தான் அழியும், படம் கார்டுக்குள்ள அப்படியே கிடக்கும், மேல புதுசா எதுவும் எழுதாத வரைக்கும். ஆனா மறுநாள் காலையே மண்டலாபிஷேகத்துக்கு அதே கார்டைப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல பதிவு பண்ணியிருக்காங்க. புதுப் பதிவு கார்டோட முன்பகுதியிலிருந்து உட்காரும். நமக்குத் திரும்பக் கிடைச்சது பின்பகுதி: அன்னதான வரிசை, கார் நிறுத்துற இடம், யாரோ ஒருத்தர் மைக் சரி பண்றது. கலசத்துல தீர்த்தம் ஊத்தின அந்தச் சில நிமிஷம் முன்பகுதியில இருந்துச்சு. போயிடுச்சு.

அந்தக் கலசத்துக்குப் பக்கத்துல நின்னவர்ல ஒருத்தர், அந்த இடத்துல அத்தாப்புக் கூரை போட்டு ஆலயம் ஆரம்பிச்சவரோட மகன். எண்பதைத் தாண்டியவர், ரெண்டு பேர் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டாங்க. அவர் வீட்டம்மாவால மேல ஏற முடியாது. "படத்துல பார்த்துக்கறேன்"னு கீழயே நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. நவராத்திரிக்குள்ள பெரியவர் காலமாயிட்டார். அந்த அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர்றாங்க. நிர்வாகத்துல யாருக்கும் அவங்க முகத்தை நேராப் பார்க்க முடியல.

நடந்ததுக்கு மூணு விளக்கம் சொன்னாங்க. "கார்டு கெட்டுப்போச்சு"ன்னு ஒருத்தர். கார்டு கெடவே இல்லை, இன்னிக்கும் வேலை செய்யுது. "அந்தத் தம்பிக்கு அனுபவம் பத்தாது"ன்னு இன்னொருத்தர். தம்பிதான் உயிரைக் கொடுத்து சாரத்து மேல நின்னு எடுத்தவன். "முகூர்த்தத்துல ஏதோ குறை"ன்னு மூணாவது விளக்கம். ஐயா, முகூர்த்தத்தை விட்டுடுங்க. ரெண்டே ரெண்டு கார்டு, ஒரே ஒரு ஃபோல்டர், அன்னிக்கு ராத்திரியே முகநூல்ல வீடியோ போடணும்னு ஒரு கட்டளை. இந்த மூணும் சேர்ந்தா எந்த முகூர்த்தத்துலயும் இதேதான் நடக்கும்.

சரி, காப்பி வந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இங்கேதான் படிச்சவங்களும் சறுக்கறாங்க.

"நான் எண்ணிக்கையும் சைஸும் பார்த்துட்டேன்"னு சிலர் சொல்வாங்க. கட்டாயம் பாருங்க, மேல சொன்ன விபத்து அதுலயே மாட்டியிருக்கும். ஆனா அது போதாது. ஹார்ட் டிஸ்க் வயரை யாராவது இடறி, எழுதி முடிக்கறதுக்கு முன்னால பிடுங்கிட்டா, பேரும் சைஸும் சரியா இருக்கிற, உள்ள பாதி வெத்தா இருக்கிற கோப்பு உருவாகலாம். உண்டியல் திறக்கும்போது மூட்டை எத்தனைன்னு எண்ணிட்டு கையெழுத்துப் போடுவோமா? நோட்டை எண்ணணும் இல்லையா, அதுவும் ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ரெண்டு கணக்கும் ஒத்துப் போகணும் இல்லையா?

"நான் ஓடவிட்டுப் பார்த்தேன், நல்லா ஓடுச்சு"ன்னு வேற சிலர். எத்தனை நிமிஷம் பார்த்தீங்க? கேமரா எழுதற MP4 கோப்புல, எந்தப் படம் எங்கே இருக்குன்னு சொல்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில இருக்கும். வால் அறுந்த கோப்பு திறக்கவே திறக்காது, அதை உடனே கண்டுபிடிச்சிடலாம். நடுவுல கொஞ்சம் கெட்ட கோப்போ சிரிச்சுகிட்டே திறக்கும். முதல் பத்து வினாடி அழகா ஓடும். பதினேழாவது நிமிஷத்துல, சரியா பூர்ணாஹுதி நேரத்துல, படம் கட்டம் கட்டமா உடையும். எல்லாக் கிளிப்பையும் முழுசாப் பார்க்க நமக்கு நேரம் கிடையாது. அதனாலதான் கணினியைப் பார்க்க வைக்கணும்.

கணினி பார்க்கிற முறைக்கு ஹேஷ்னு பேர். ஒரு கோப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சு, அதிலிருந்து ஒரு சின்ன அடையாள எண் கணக்குப் போடும். எம்டி5 வகைன்னா 32 எழுத்து. கோப்புல ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுசா மாறிடும். கார்டுல இருக்கிற கோப்புக்கு ஒரு எண், ஹார்ட் டிஸ்க்குல இருக்கிறதுக்கு ஒரு எண். ரெண்டும் ஒண்ணா இருந்தா காப்பி சரி. உண்டியல்ல ரெண்டு பேர் எண்ற அதே கணக்கு. (எம்டி5 பழசு, பலவீனம்னு கணினி படிச்ச பிள்ளைங்க வருவாங்க. வேணும்னே ஏமாத்தறவனைப் பிடிக்க அது பலவீனம்தான். வயர் ஆடினதைப் பிடிக்க தாராளமாப் போதும்.)

இப்ப செய்முறை. விண்டோஸ் லேப்டாப், சோனி கேமரா, SD கார்டுன்னு வெச்சுக்கறேன், ஏன்னா நம்ம ஆலயங்கள்ல அதைத்தான் அதிகம் பார்க்கறேன்.

கார்டை கேமராவிலிருந்து எடுத்ததும் அதோட ஓரத்துல இருக்கிற சின்ன பூட்டைக் கீழ தள்ளுங்க. பூட்டு போட்ட கார்டுல கணினி எதையும் எழுதாது, அழிக்காது. கேமராவுல போட்டாலும் ஃபார்மெட் பண்ண மறுக்கும். நான் சொல்ற மொத்த ஒழுங்குக்கும் இந்தப் பூட்டுதான் அடையாளம். பூட்டு போட்டிருந்தா "எடுத்தாச்சு, இன்னும் சரிபார்க்கல"ன்னு அர்த்தம். சரிபார்த்தவர் மட்டும்தான் பூட்டைத் திறக்கணும். ட்ரோன்ல போடற குட்டி கார்டுக்குப் பூட்டு கிடையாது, அதை உடனே அடாப்டருக்குள்ள சொருகி அடாப்டர் பூட்டைப் போடுங்க. பூட்டு உடைஞ்ச கார்டை விழாவுக்கு எடுத்துட்டு வராதீங்க.

அடுத்து, ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர். `CAM1_CARD01`, `CAM2_CARD01` இப்படி. அதே எண்ணைக் கார்டு மேலயும் ஸ்டிக்கர்ல எழுதுங்க. இது ஒண்ணை மட்டும் செஞ்சிருந்தா அந்த ஆலயத்துல கோபுரக் காட்சி இன்னிக்கு இருந்திருக்கும். கிளிப்பை மட்டும் பொறுக்கி எடுக்காதீங்க, கார்டுல இருக்கிற `PRIVATE` ஃபோல்டரை முழுசா எடுங்க. `DCIM` இருந்தா அதையும். கிளிப்போட வர்ற குட்டிக் கோப்புகள் எடிட் பண்றவருக்கு வேண்டியிருக்கும். முக்கியமா, "காப்பி", "பேஸ்ட்" மட்டும்தான். "கட்" கூடவே கூடாது. பூட்டு போட்டிருந்தா "கட்" எப்படியும் பாதியிலயே நின்னுடும், அதுவும் அதோட ஒரு புண்ணியம்.

காப்பி முடிஞ்சதும் ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி `Eject` கொடுத்துக் கழட்டுங்க. கழட்டிட்டு மறுபடி சொருகுங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. கணினி இப்பத்தான் எழுதினதைத் தன் நினைவுல கொஞ்ச நேரம் வெச்சிருக்கும். உடனே சரிபார்க்கச் சொன்னா டிஸ்க்கைப் படிக்காம அந்த நினைவிலிருந்தே பதில் சொல்லலாம். பரீட்சையில விடைத்தாளைப் பார்த்து எழுதற மாதிரி. கழட்டிச் சொருகினா டிஸ்க்கைப் படிச்சே ஆகணும்.

பிறகு ஸ்டார்ட் மெனுவுல `PowerShell` திறந்து இதைப் போடுங்க. கார்டு `E:`, ஹார்ட் டிஸ்க் `F:`ன்னு எடுத்துக்கிட்டேன், உங்க கணினியில எழுத்து மாறும், பார்த்து மாத்துங்க.

```
$a = Get-ChildItem E:\PRIVATE -Recurse -File | Get-FileHash -Algorithm MD5
$b = Get-ChildItem F:\CAM1_CARD01\PRIVATE -Recurse -File | Get-FileHash -Algorithm MD5
$a.Count; $b.Count
Compare-Object $a $b -Property Hash -PassThru | Select-Object SideIndicator, Path
```

முதல் ரெண்டு வரிக்கு நேரம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க. மூணாவது வரி ரெண்டு எண்ணிக்கை காட்டும், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். கடைசி வரி எதுவுமே காட்டாம நின்னா, எல்லாக் கோப்பும் அப்படியே வந்து சேர்ந்திருக்கு. `<=` குறியோட ஒரு கோப்பு பேர் வந்தா, கார்டுல இருக்கிற அந்தக் கோப்பு டிஸ்க்குல இல்லை, இல்லைன்னா மாறிப்போச்சு. சிவப்பு எழுத்து வந்தா ஒப்பீடே சரியா நடக்கல, எழுத்தைத் தப்பா போட்டிருப்பீங்க. அதை "எதுவும் காட்டலையே"ன்னு எடுத்துக்காதீங்க.

மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரே வரி போதும், `Untitled` இருக்கிற இடத்துல கார்டு பேரையும் `KUMBAM` இருக்கிற இடத்துல டிஸ்க் பேரையும் போடுங்க:

```
diff -rq /Volumes/Untitled/PRIVATE /Volumes/KUMBAM/CAM1_CARD01/PRIVATE
```

இதுவும் அப்படித்தான், பேசாம இருந்தா நல்ல சேதி. கட்டளை எழுத வராதவங்க `TeraCopy`ன்னு தேடி எடுத்துப் போட்டுக்கோங்க, காப்பி பண்ணிட்டு அதுவே சரிபார்க்கும், அந்த `Verify` வசதி வேலை செய்யுதான்னு மட்டும் உறுதி பண்ணிக்கணும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. சிலாங்கூர் ஆலயத்துல அந்த மென்பொருள் இருந்திருந்தாலும் முதல் கார்டுக்கு "சரி"ன்னுதான் சொல்லியிருக்கும், ரெண்டாவது கார்டுக்கும் "சரி"ன்னுதான் சொல்லியிருக்கும். ஒவ்வொரு காப்பியும் அந்தந்த நேரத்துல சரிதான். முதல் காப்பி பிறகுதான் அழிஞ்சுது. அதனால காப்பி முடிஞ்சவுடனே பார்த்த சரிபார்ப்பு வேற, ஃபார்மெட் பண்றதுக்கு முன்னால, கார்டைக் கையில வெச்சுகிட்டுப் பார்க்கிற சரிபார்ப்பு வேற. நான் கேட்கறது ரெண்டாவது. "அன்னிக்குச் சரியா இருந்துச்சு"ங்கிற பேச்சை ஏத்துக்க மாட்டேன்.

ஒப்பீட்டுல ஒரு கோப்பு மாறுதுன்னு வந்தா பதறாதீங்க. கார்டு இன்னும் கையில இருக்கே, அதுக்குத்தானே இவ்வளவும். முதல்ல அந்தக் கோப்புக்கு மட்டும் கார்டிலேயே ஹேஷ் எடுங்க. பிறகு கார்டைக் கழட்டிச் சொருகி மறுபடி எடுங்க. ரெண்டு தடவையும் ஒரே எண் வந்தா கார்டு நல்லது, காப்பிதான் கெட்டது, அந்தக் கோப்பை மட்டும் திரும்பக் காப்பி பண்ணிச் சரிபார்த்தா முடிஞ்சுது. ரெண்டு தடவையும் வேற வேற எண் வந்தா ரீடரோ கார்டோ தடுமாறுது. ரீடரை மாத்திப் பாருங்க. நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் குற்றவாளி அஞ்சு வெள்ளி ரீடர்தான். லட்ச ரூபாய்க்குக் கோபுரம், அஞ்சு வெள்ளிக்கு ரீடர், நம்ம கணக்கே தனி.

ஹேஷ் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. காப்பி கார்டு மாதிரியே இருக்குன்னுதான் அது சொல்லும். கார்டுலயே பதிவு கெட்டிருந்தா, கெட்டதை அப்படியே நம்பிக்கையாக் காப்பி பண்ணியிருக்கும். பேட்டரி திடீர்னு செத்து கிளிப் மூடப்படாம போனா அப்படி ஆகும். போலிக் கார்டும் அப்படித்தான். மேல 256 ஜிபின்னு அச்சடிச்சிருக்கும், உள்ள அதுல கால்வாசிகூட இருக்காது. நிரம்பினதுக்கப்புறம் எழுதறது எங்கேயும் நிக்காது, பேரு மட்டும் பட்டியல்ல இருக்கும். அதனால ஹேஷ் ஒத்துப்போன பிறகும் ஒவ்வொரு கார்டுலயும் முதல் கிளிப், நடுவுல ஒண்ணு, கடைசிக் கிளிப், இதையெல்லாம் டிஸ்க்கிலிருந்து ஓடவிட்டு நடு நடுவுல தாவிப் பாருங்க. புதுக் கார்டு வாங்கினா விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே `H2testw` போட்டு முழுசா நிரப்பிச் சோதிச்சிடுங்க. விழா அன்னிக்குப் பாக்கெட் பிரிக்கிற கார்டு எதுவும் கோபுரத்து மேல போகக் கூடாது.

இதெல்லாம் ஒரு டிஸ்க்குக்கு. ரெண்டாவது டிஸ்க்குக்கும் இதையே செய்யணும், அதுவும் கார்டிலிருந்து நேரா. முதல் டிஸ்க்கிலிருந்து ரெண்டாவதுக்கு எடுத்தா, முதல்ல ஏதாவது தப்பிருந்தா தப்புக்கே நகல் எடுத்த மாதிரி. ரெண்டையும் அலுவலக அலமாரியில ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வைக்காதீங்க. 2021 டிசம்பர்ல ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு அந்தப் பக்கத்துக்காரங்களைக் கேளுங்க. ஒரு டிஸ்க் ஆலயத்துல, ஒரு டிஸ்க் வேற ஊர்ல இருக்கிற ஒரு செயலவை உறுப்பினர் வீட்டுல.

இப்ப வழக்கமா வர்ற மறுப்புகள்.

"இவ்வளவுக்கு நேரம் எங்கே இருக்கு?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல ரீடர்ல வினாடிக்கு 90 எம்பி படிச்சா, நிரம்பின 128 ஜிபி கார்டு காப்பியாக சுமார் 24 நிமிஷம். சரிபார்க்கும்போது கார்டை ஒரு தடவை, டிஸ்க்கை ஒரு தடவை படிக்கணும், இன்னொரு 50 நிமிஷம் வெச்சுக்கோங்க. பழைய யுஎஸ்பி 2 ரீடர்ல காப்பிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஆக ஒரு கார்டுக்கு, ஒரு டிஸ்க்குக்கு, ஒண்ணே கால் மணி நேரம். நாலு கார்டுன்னா அன்னிக்கு ராத்திரி முடியாது, ஒத்துக்கறேன். முடியாததை ஏன் அன்னிக்கு ராத்திரி செய்யணும்? மறுநாள் தூங்கி எழுந்து செய்யலாமே. அவசரம் எங்கிருந்து வருதுன்னா, காலியான கார்டு வேணும்ங்கிறதாலதான். கார்டு கூட இருந்தா அவசரமே இல்லை.

"கார்டு வாங்கக் காசு?" இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருது. 4கே பதிவு வினாடிக்கு 100 மெகாபிட்னா மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டுல இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். விடியற்காலை யாகசாலையிலிருந்து மத்தியானம் மகா அபிஷேகம் வரைக்கும் ஒரு கேமராவுக்கு மூணு கார்டு போதும். ரெண்டு கேமராவுக்கு ஆறு. அந்த ஆறு கார்டையும் வாங்கற செலவை அன்னிக்கு நுழைவாயில் அலங்காரத்துக்கும் பட்டாசுக்கும் ஆன செலவோட ஒப்பிட்டுப் பாருங்க. நுழைவாயில் பூ மறுநாள் குப்பைத் தொட்டியில. உபயம் எடுக்க ஆள் கிடைக்கலைன்னு சொல்லாதீங்க. தயிர் சாதத்துக்கு உபயம் இருக்கு, தண்ணி போத்தலுக்கு உபயம் இருக்கு. "கேமரா கார்டு உபயம்"னு அறிக்கையில ஒரு வரி போட்டுப் பாருங்க, இளைஞர்களே எடுத்துக்குவாங்க.

"யூடியூப்ல நேரலை போச்சே, அதுவே இருக்கே" இது இப்ப புதுசா வந்த சமாதானம். நேரலை கைத்தொலைபேசி சிம்ல, அத்தனை ஆயிரம் பேர் நிக்கிற இடத்துல போனது. படம் மங்கல், ரெண்டு தடவை அறுந்துபோச்சு, நாதஸ்வரம் கரகரன்னு கேட்கும். பார்க்க முடியாதவங்களுக்கு அது பெரிய உதவி, குறை சொல்லல. பதிவுன்னு அதைச் சொல்லாதீங்க. வாட்சப் குழுவுல போட்டது அதைவிட மோசம், அனுப்பும்போதே சுருக்கிடும்.

"தொண்டுக்கு வர்ற பிள்ளைங்களை இப்படிக் கெடுபிடி பண்ணினா அடுத்த வருஷம் வரமாட்டாங்க." எனக்கு நேர்மாறாத்தான் தோணுது. சிலாங்கூர் தம்பி இப்ப எந்த ஆலயத்துக்கும் கேமரா தூக்கறதில்லை. தப்பு அவன்மேல இல்லை, ஆனா அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்தாங்க. ஒரு ஒழுங்கு எழுதி ஒட்டியிருந்தா, "பூட்டு போட்டுக் கொடுத்துட்டேன், மத்தது அவங்க பொறுப்பு"ன்னு அவன் நிம்மதியா அன்னதானம் சாப்பிடப் போயிருப்பான்.

நிர்வாகத்துல இருக்கிறவங்ககிட்ட நான் கேட்கறது இதுதான். விழா நாள்ல எந்தக் கார்டையும் யாரும் ஃபார்மெட் பண்ணக் கூடாதுன்னு அடுத்த செயலவைக் கூட்டத்துல ஒரு தீர்மானம் போடுங்க. பதிவேட்டுல கார்டுக்கு ஒரு வரி: கார்டு எண், கிளிப் எத்தனை, முதல் டிஸ்க் சரிபார்த்தவர் கையெழுத்து, ரெண்டாவது டிஸ்க் சரிபார்த்தவர் கையெழுத்து. ரெண்டும் வேற வேற ஆள். உண்டியல் பதிவேட்டுக்கு இருக்கிற மரியாதை இதுக்கும் இருக்கட்டும். ரெண்டு கையெழுத்தும் விழுந்தப்புறம்தான் பூட்டு திறக்கணும், அதுவும் அடுத்த விழாவுக்கு முன்னாடி, கேமராவுக்குள்ள வெச்சுத்தான் ஃபார்மெட். முகநூலுக்கு ராத்திரியே படம் வேணும்னா தலைவர் தன் கைத்தொலைபேசியில எடுத்துப் போடட்டும், அழகா வரும்.

வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் நம்ம ஆலயத்துப் பின் மண்டபத்துல இதைச் செஞ்சு காட்டறேன். ஒரு லேப்டாப், ரெண்டு டிஸ்க், நல்ல ரீடர் ஒண்ணு கொண்டு வர்றேன். மத்த ஆலயத் தொண்டர்களும் வரலாம். கைவசம் போன விழாவோட கார்டு ஃபார்மெட் பண்ணாம இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க. பூட்டு போட்டு எடுத்துட்டு வாங்க.